படம் 4 யாருடையது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. அந்தப் பேராசிரியருக்கு அனுப்புவதற்காக நீ எழுதிவைத்திருக்கும் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு பத்தியில் மூன்று அவரைப் புகழ்வதிலேயே போய்விட்டது. கடைசிப் பத்தியில்தான் விஷயமே வருகிறது: "தங்கள் படங்களை என் ஆய்வேட்டில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." எந்தப் படங்கள்? நீ இணைத்திருக்கும் அவருடைய கட்டுரையில் மட்டும் ஒன்பது படங்கள் இருக்கின்றன. எந்த ஆய்வேடு, அச்சிலா இணையத்திலா, அப்படியேவா மாற்றியா? இது எதுவும் தெரியாமல் அவர் எப்படிச் சரி என்று சொல்வார்? நல்ல மனிதராக இருந்தால் நாலு கேள்வி கேட்டுப் பதில் போடுவார். வேலை மிகுந்தவராக இருந்தால் அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைப்பார். ஒதுக்கிவைத்த மெயில் திரும்ப மேலே வருவது அபூர்வம்.

போனில் கேட்டபோது உனக்கு வேண்டியது படம் 4 மட்டும்தான் என்றாய். கட்டுரையைத் திறந்து அதைப் பார்த்தேன். நீயும் இதைப் படிக்கும்போது திறந்து வைத்துக்கொள். அது ஒரு படமல்ல, ஒரே சட்டத்துக்குள் மூன்று படங்கள். 'அ' அந்த வட்டாரத்தின் நிலவியல் வரைபடம். 'ஆ' நிலத்தடிக் குறுக்குவெட்டு. மேலே மண், அதன்கீழ் சிதைந்த பாறை, அதற்கும் கீழே வெடிப்புள்ள பாறை, அடியில் கெட்டிப் பாறை. 'இ' கிணற்று நீரின் பைப்பர் வரைபடம். இந்த மூன்றுக்கும் மூன்று விதமான பதில் உண்டு.

முதலில் 'அ'. படவிளக்கத்தின் கடைசி வரியைப் பார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வரைபடத்திலிருந்து மாற்றி வரைந்தது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதாவது அந்தப் பேராசிரியரே இதை இன்னொருவரிடமிருந்து எடுத்திருக்கிறார். அவர் உனக்கு எவ்வளவு மனமுவந்து அனுமதி கொடுத்தாலும், அடியில் இருக்கும் வரைபடத்துக்கு அது செல்லாது. மூலம் யாரிடம் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். ஆனால் இந்த 'அ' உனக்கு எதற்கு? அவருடைய கிணறுகள் வேறு, உன்னுடையவை வேறு. உன் 32 கிணறுகளின் ஜிபிஎஸ் புள்ளிகள் உன்னிடமே இருக்கின்றன. பூகோஷ் தளத்தில் அந்தத் துறையே நிலவியல் தரவுகளை வைத்திருக்கிறது. அதன் பயன்பாட்டு விதிகளைப் படித்துவிட்டு, தரவை இறக்கி, உன் வரைபடத்தை நீயே போட்டுக்கொள், மூலத்தைக் குறிப்பிடு. 'அ' நம் கணக்கிலிருந்து போய்விட்டது.

'இ'யும் போய்விடும், ஆனால் வேறு காரணத்தால். பைப்பர் வரைபடம் என்ற முறையை ஆர்தர் பைப்பர் 1944இல் வெளியிட்டார். இரண்டு முக்கோணமும் ஒரு சாய்சதுரமும் கொண்ட அந்த அமைப்பை அன்றிலிருந்து உலகமே பயன்படுத்துகிறது. ஒரு முறைக்கோ, ஓர் அளவீட்டுக்கோ பதிப்புரிமை கிடையாது. அதை ஒருவர் வரைந்து காட்டிய வடிவத்துக்குத்தான் உரிமை. அவருடைய அட்டவணை 2இல் ஒவ்வொரு கிணற்றுக்கும் கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட், குளோரைடு, சல்பேட் எல்லாம் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறது. அதை மில்லிஈக்விவலன்டாக மாற்று. கால்சியம் 80 மி.கி. என்றால் 20.04ஆல் வகுக்க, ஏறக்குறைய 3.99. இப்படி மாற்றி, உன் கிணறுகளையும் சேர்த்து நீயே வரை. கீழே "தரவு: இன்னாரின் கட்டுரை, அட்டவணை 2" என்று போடு. இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அட்டவணையையே அப்படியே எடுத்து ஒட்டுவது வேறு விஷயம், அதைச் செய்யாதே.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. மாற்றும்போது ஒவ்வொரு மாதிரிக்கும் நேர் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர் அயனிகளின் கூட்டுத்தொகையும் ஏறத்தாழச் சமமாக வருகிறதா என்று பார். இரண்டின் வித்தியாசம் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. அதைத் தாண்டினால் அளவிட்டதிலோ அச்சிலோ ஏதோ பிழை. படத்தை வெட்டி ஒட்டியிருந்தால் அந்தப் பிழையும் சேர்ந்து உன் ஆய்வேட்டுக்குள் குடியேறியிருக்கும். வைவாவில் அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

மிச்சம் இருப்பது 'ஆ', அந்தக் குறுக்குவெட்டு. அதை நீ வரைய முடியாது. துளைக்கிணற்றுப் பதிவுகளையும் மின்தடை அளவீடுகளையும் வைத்துக்கொண்டு, இரண்டு கிணறுகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கோடு எங்கே வளையும் என்று அவர் தீர்மானித்திருக்கிறார். அந்தத் தீர்மானம்தான் அந்தப் படம். இதற்கு அனுமதி கேட்டே ஆக வேண்டும்.

யாரிடம் என்பதில்தான் நீயும் தடுமாறியிருக்கிறாய், உன் வயதில் நானும் தடுமாறினேன். கட்டுரையின் முதல் பக்கத்தின் அடியில் © குறிக்குப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது? பேராசிரியர் பெயர் இல்லை, எல்செவியர் என்று இருக்கிறது. சந்தா கட்டிப் படிக்கும் இதழ்களில் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. கட்டுரை ஏற்கப்பட்டதும் ஆசிரியர் ஒரு படிவத்தில் ஒப்பமிட்டு உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்துவிடுவார். பலருக்கு ஒப்பமிட்டது நினைவிலேயே இருக்காது. அதனால் கேட்டவுடன் "தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிடுவார்கள். எனக்கும் அப்படி ஒருவர் எழுதினார். மெயிலெல்லாம் இல்லாத காலம். நீல நிற ஏர்மெயில் தாளில், என் ஆய்வு செழிக்க வாழ்த்தெல்லாம் சொல்லி. நான் அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான். ஆய்வேடு போனது, பட்டமும் வந்தது. சில வருடம் கழித்து அதைப் புத்தகமாக்கப் போனபோது பதிப்பாளர் உரிமையாளரின் கடிதம் எங்கே என்று கேட்டார். அந்த நீலத் தாளைக் காட்டினேன். இவர் உரிமையாளர் இல்லையே என்று சிரித்தார். அந்தப் படம் இல்லாமல் அத்தியாயத்தையே திருத்தி எழுதினேன்.

உனக்கு அவ்வளவு கஷ்டமில்லை. சயன்ஸ்டைரக்டில் அந்தக் கட்டுரையின் பக்கத்தில் `Get rights and content` என்று ஓர் இணைப்பு இருக்கும். அழுத்தினால் ரைட்ஸ்லிங்க் என்ற தளத்துக்குப் போகும். பயன்பாடு என்ற இடத்தில் ஆய்வேடு என்பதைத் தேர்ந்தெடு. முழுக் கட்டுரை அல்ல, படம் என்று சொல், எண்ணிக்கை ஒன்று. அச்சு, மின்வடிவம் இரண்டும் வேண்டும் என்று குறி. இதை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். அச்சுக்கு மட்டும் வாங்கிவிட்டு, பிறகு பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஆய்வேடு ஏறும்போது முழிக்கிறார்கள். இந்தக் கட்டுரையின் ஆசிரியர் நீயா என்று கேட்கும், இல்லை என்று சொல். ஆய்வேடுகளுக்கு வழக்கமாகக் கட்டணம் பூஜ்யம் என்றே காட்டும். கடைசியில் உரிம எண்ணோடு ஒரு கோப்பு வரும். அதை இறக்கி, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர். அதன் நிபந்தனைகளில் ஆய்வேடு பின்னால் வணிகரீதியாக வெளியிடப்பட்டால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்று இருக்கும். என் நீலத் தாள் கதைதான் அது.

சட்டத்திலேயே ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்கிறதே என்று உன் தோழி சொன்னதாகச் சொன்னாய். இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆராய்ச்சி உட்பட ஒருவரின் சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை மீறலாகக் கொள்வதில்லை. ஆனால் உன் மேசையில் இருக்கும் நகலும், உலகம் முழுவதும் இறக்கிக்கொள்ளக்கூடிய கோப்பும் ஒன்றா என்று வாதாட எனக்குத் தெம்பில்லை. பத்து நிமிடத்தில் இலவசமாக உரிமம் கிடைக்கும் இடத்தில் அந்த வாதம் உனக்கும் தேவையில்லை.

அப்படியானால் பேராசிரியருக்கு எழுதவே வேண்டாமா என்று கேட்பாய். எழுது, வேறு இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, பக்கத்திலிருந்து வெட்டியெடுத்த படம் அச்சில் மங்கிப்போகும். மூலக் கோப்பு அவரிடம் இருக்கும். இரண்டாவது இதைவிட முக்கியம். நீ அந்தக் குறுக்குவெட்டின் மேல் உன் கிணறுகளில் மூன்றைக் குறித்துக் காட்டப்போவதாகச் சொன்னாய். அது மறுபதிப்பு அல்ல, மாற்றம். உரிமத்தின் நிபந்தனைகளில் மாற்றம் எந்த அளவு அனுமதிக்கப்படுகிறது என்று படித்துக்கொள். ஆனால் அவர் போட்ட கோட்டின் மேல் உன் கிணற்றை நிறுத்தும்போது, அவர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. அதை அவரிடம் காட்டித்தான் ஆக வேண்டும்.

ஆகவே கடிதத்தை இப்படி எழுது. ஆங்கிலத்தில்தான் அனுப்புவாய், உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் தருகிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, நான் இன்ன பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீரியலில் முதுகலை ஆய்வேடு எழுதும் மாணவி. தங்கள் கட்டுரையின் (தலைப்பு, இதழ், ஆண்டு, டிஓஐ எண்) படம் 4இன் 'ஆ' பகுதியை மட்டும் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் சேர்க்க விரும்புகிறேன். பதிப்பகத்தின் உரிமத்தைத் தனியாகப் பெற்றுக்கொள்கிறேன். ஆய்வேடு சில பிரதிகள் அச்சாகும். பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்திலும் வெளியாகும். படத்தின் மேல் என் கிணறுகள் மூன்றைக் குறித்திருக்கிறேன், இணைப்பில் காண்க. தங்கள் கோடுகள் எதையும் மாற்றவில்லை. இரண்டு கேள்விகள்: இப்படிக் குறித்திருப்பது தங்கள் விளக்கத்துக்குப் பொருந்துகிறதா? படத்தின் மூலக் கோப்பைப் பகிர இயலுமா? ஆய்வேட்டை அடுத்த மாதம் 20ஆம் தேதி சமர்ப்பிக்க வேண்டும்."

அவ்வளவுதான். புகழ்ச்சி வேண்டுமென்றால் ஒரு வரி போதும், அதுவும் அந்தப் படத்தில் உனக்கு எது உதவியது என்று சொல்வதாக இருக்கட்டும். கைடுக்கு ஒரு நகல் போகட்டும். கட்டுரையில் இருக்கும் மெயில் முகவரி பழையது; அவர் இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறார் போலிருக்கிறது. புதிய முகவரியை அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பார்த்து எடு. மெயில் திரும்பி வந்தால் இணையாசிரியருக்கு அனுப்பு. இரண்டு வாரம் பொறு, ஒரு முறை நினைவூட்டு. அதன் பிறகும் பதில் இல்லையென்றால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. பதிப்பக உரிமம் கையில் இருப்பதால் மூலப் படத்தை மாற்றாமல் போட்டுவிட்டு, உன் கிணறுகளை உன்னுடைய தனிப் படத்தில் காட்டு.

ஒரே ஒரு சந்தேகம் எனக்கு. அவருடைய அடுத்த கட்டுரைகளில் ஏதாவது `CC BY` உரிமத்தோடு வந்திருக்கிறதா என்று பார்த்தாயா? அப்படி வந்த ஒன்றில் இதே குறுக்குவெட்டு திருத்தி வரையப்பட்டிருந்தால், பெயரும் உரிமமும் செய்த மாற்றமும் குறிப்பிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம். தனியாக உரிமம் வாங்கவோ கட்டணம் கட்டவோ வேண்டாம். அதற்குப் பதிலாக `CC BY-NC-ND` என்று இருந்தால் ஏமாறாதே, அதில் மாற்றிய வடிவத்தைப் பகிர அனுமதியில்லை. உன் மூன்று கிணறுகளும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

திருத்திய கடிதத்தை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு முறை காட்டு. இணைப்பில் உன் கிணறுகள் குறித்த படமும் இருக்கட்டும். 17ஆம் எண் கிணற்றை நீ சிதைந்த பாறையில் முடித்திருக்கிறாய்; ஆழம் 41 மீட்டர் என்று எழுதியிருக்கிறாயே, அது சரியா?

அன்புடன்,
பெரியப்பா