நோட்டு ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது

மீனவர் கூட்டுறவுச் சங்க வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு:

1. பழவேற்காட்டில் இறாலுக்குச் சுத்துவலை கட்டும் இடம் யாருக்கும் நிரந்தரமில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டுப் பாடு மாற்றிக்கொள்ளும் முறை பழசு. நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். இடத்தை இப்படி மாற்றத் தெரிந்த நாம் சங்க வேலையை மாற்றுவதில்லை. யாருக்கு எந்த நாள் என்று எழுதிய நோட்டு ஒரே பெரியவரின் அலமாரியில் இருந்தால், அவர் மகள் வீட்டுக்குப் போன அன்று கரையில் சண்டைதான்.

2. முதலில் ஆட்களை எழுதாதீர்கள், வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். மீன் எடை பதிவது தினமும் வரும். சேமிப்பு நிவாரணத் திட்டத்துக்கு உறுப்பினர் கட்டும் 1,500 ரூபாயை மாதத் தவணைகளாக வசூலிக்கிறோம்; அரசுப் பங்கு 3,000 சேர்ந்து 4,500 ஆகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்கால நிவாரணத்துக்குப் பட்டியல் சரிபார்ப்பது ஆண்டுக்கு ஒருமுறை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதீர்கள் என்ற தகவலை ஊர் முழுக்கச் சொல்வது எப்போதாவது வரும் வேலை. எப்போதாவது வருவதில்தான் கவனம் வேண்டும். தினசரி வேலையைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்தே பழகிவிடுவார்; ஆண்டு வேலையைச் செய்தவர் போய்விட்டால் மற்றவருக்கு அதன் வாசம்கூடத் தெரியாது.

3. இப்போது கட்டம் போடுங்கள். இடப்பக்கம் வேலைகள், மேலே பெயர்கள். தெரியாதவருக்கு 0, கூட இருந்து பார்த்தவருக்கு 1, ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தவருக்கு 2, தனியாகத் தொடங்கி முடித்தவருக்கு 3. ஒவ்வொரு வரியிலும் இரண்டு 3 வேண்டும். "எனக்குத் தெரியும்" என்று சொல்வதற்கு எண் கிடையாது. கடைசியாகத் தனியே செய்த தேதியை 3-க்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஆண்டு வேலையைத் தவிர மற்றவற்றில் ஓர் ஆண்டு தாண்டிய 3 மறுபடி 2 ஆகிவிடும்.

4. ஒரு சங்கத்தில் செயலாளர், கணக்கர், ஓர் இளைஞர், ஒரு தங்கச்சி என நால்வர் என்று வையுங்கள். சேமிப்பு வரியில் அவர்களுக்கு வரிசையாக 1, 3, 0, 1. ராக்கெட் தகவல் வரியில் 0, 0, 3, 0. தடைக்காலப் பட்டியலில் 3, 1, 0, 0. மூன்று வரியும் ஓட்டைதான், ஆனால் அடைக்கும் காலம் வேறு. ராக்கெட் தகவலுக்கு ஒரு மாலை போதும்: அழைப்பு யாரிடமிருந்து வரும், அடுத்து யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்ற வரிசையைத் தங்கச்சிக்கும் எழுதிக் கொடுத்து, ஒத்திகையாக ஒருமுறை சொல்லச் சொன்னால் 2 ஆகிவிடும்; அடுத்த அழைப்பைத் தனியே சொல்லி முடித்தால் 3. சேமிப்புக்கு மூன்று மாதமாவது ஆகும், ஏனென்றால் மாதக் கடைசிக் கணக்கு மாதம் ஒருமுறைதான் வருகிறது. முதல் மாதம் தங்கச்சி பார்க்கட்டும், இரண்டாம் மாதம் கணக்கர் பக்கத்தில் இருக்க எழுதட்டும், மூன்றாம் மாதம் தனியே. உறுப்பினர் பாஸ்புத்தகங்களின் கூட்டுத்தொகையும் வங்கியில் கட்டிய தொகையும் ஒத்துப்போனால் 3 போடலாம். தடைக்காலப் பட்டியலுக்கு அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம். போன ஆண்டுக் கோப்பின் நகலை வைத்து இப்போதே கணக்கரை ஒருமுறை முழுதாகச் செய்யச் சொல்லுங்கள். அதற்கு 2 போடலாம், 3 போடாதீர்கள். அது அசல் பட்டியல் அல்லவே.

5. விடுப்பு கேட்டால் கட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு வரியின் இரண்டு 3-களும் ஒரே நாளில் ஊரில் இல்லாமல் போகக் கூடாது. வேளாங்கண்ணித் திருவிழா, பொங்கல், கல்யாண மாதங்கள் முன்கூட்டியே தெரிந்தவை. அவற்றை எழுதி ஒட்டிவையுங்கள். இளைஞர் படகு ஏறும் நாளும் விடுப்புதான். கரைக்கு வரும்வரை அவரை நம்பி எந்த வரியும் நிற்கக் கூடாது.

6. ஆள் தயாராக இருந்தும் வேலை நிற்பது பெரும்பாலும் ஓடிபியால். பதிவு செய்த கைபேசி ஒருவருடையது; அவர் சென்னை மருத்துவமனையில். சங்கத்துக்கென்று தனி எண் வாங்கி அலுவலகத்தில் வையுங்கள். கடவுச்சொல்லைப் பகிர வேண்டாம், ஆளுக்கொரு கணக்கு கேளுங்கள். காசோலைக்கு இருவர் கையெழுத்து என்றால், மூன்றாமவரையும் தீர்மானம் போட்டு வங்கியில் சேர்த்துவிடுங்கள்.

7. பணம் வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. மாற்றாள் போடும் அவசரத்தில்தான் இது உடையும். கணக்கர் இல்லாத நாளில் வசூலிப்பவரையே எழுதச் சொல்வதைவிட, வசூலை மறுநாளுக்குத் தள்ளுவது நல்லது.

8. கட்டம் உண்மையா என்று பார்க்க ஒரு வழி: வேலை வராத வாரமாகப் பார்க்காமல், வேலை வரும் நாளிலேயே முதல் ஆளை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அவருக்கு ஒரு போன்கூடப் போகக் கூடாது. போன் போனால், எதைக் கேட்டார்கள் என்று கட்டத்தின் பின்பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த முறை சொல்லித்தர வேண்டியது அதுதான்.