வாட்ஸ்அப்பில் பயோடேட்டா

கேள்வி: வேலைக்கு ஆள் எடுப்பவர் வாட்ஸ்அப்பில் ரெஸ்யூமே கேட்கிறார். எப்படி அனுப்புவது? – வாசகி, ஈரோடு

பதில்: பலர் அச்செடுத்த தாளைப் படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். படமாகப் போனால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். பொடி எழுத்து மங்கும், அதிலிருந்து செல்போன் எண்ணைக்கூட எளிதில் நகலெடுக்க முடியாது. வேர்ட் கோப்பும் சிலருடைய போனில் வரி கலைந்து திறக்கும். பிடிஎஃப் ஆக்கி, இணைப்புக் குறியைத் தட்டி, ‘டாக்குமெண்ட்’ வழியாக அனுப்புவதே சரி.

கோப்பின் பெயரைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஒரே நாளில் பலரிடமிருந்து `resume final new(2).pdf` வந்து குவிந்தால், எது யாருடையது என்று ஆள் எடுப்பவர் எப்படித் தேடுவார்? உங்கள் பெயர், வேலை, அனுபவம் மூன்றும் கோப்பின் பெயரில் இருக்கட்டும்: `Kavitha_Accountant_3yrs.pdf`.

வெறும் ‘ஹாய்’ போட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது எரிச்சலூட்டும். கோப்போடு ஒரே செய்தி போதும்:

“வணக்கம் சார். நான் கவிதா, ஈரோடு. உங்கள் அக்கவுண்டன்ட் வேலை விளம்பரம் பார்த்தேன். டேலி, ஜிஎஸ்டியில் 3 வருட அனுபவம். ரெஸ்யூமே இணைத்துள்ளேன். 15 நாளில் சேர முடியும்.”

அலுவலக நேரத்தில் அனுப்புவது நல்லது. நீல டிக் விழுந்ததும் போன் அடிக்கக் கூடாது. இரண்டு மூன்று வேலை நாள் கழித்து ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். உங்கள் புரொஃபைல் படத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், ஆள் எடுப்பவரும் பார்ப்பார்.