மண் மிச்சம் இருக்கிறதா?

பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் விடைத்தாள்களில் தாவர வழிமுறை வளர்ச்சி பற்றிய கேள்விக்கு ஒரே மாதிரியான தொடக்கத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. “உயிர்கள் இல்லாத இடத்தில் தொடங்குவது முதல்நிலை, ஏற்கெனவே உயிர்கள் வாழ்ந்த இடத்தில் தொடங்குவது இரண்டாம்நிலை.” இதை எழுதினால் அரை மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இந்த வரியை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளைகளிடம் கிரகட்டோவாவைப் பற்றிக் கேட்டால் தடுமாறிவிடுவார்கள்.

ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் உள்ள எரிமலைத் தீவு அது. 1883 ஆகஸ்டில் வெடித்தது. வெடிப்புக்கு முன் அங்கே அடர்ந்த காடு இருந்தது. வெடித்தபின் எஞ்சிய பகுதியைச் சூடான சாம்பலும் நுரைக்கல்லும் பல மீட்டர் ஆழத்துக்கு மூடின. 1884 மே மாதம் அங்கே போன பிரெஞ்சுப் பயணி எட்மண்ட் கொத்தோ கண்ணுக்குத் தெரிந்த உயிராகச் சொன்னது ஒரே ஒரு சின்னஞ்சிறு சிலந்தியை. 1886இல் மெல்கியோர் ட்ரூப் என்ற தாவரவியலாளர் போனபோது சாம்பலின் மேல் நீலப்பசும் பாசிப் படலமும் பெரணிகளும் வந்திருந்தன. இப்போது சொல்லுங்கள், இது எந்த வகை? காடு இருந்த இடம்தானே என்று வகுப்பில் பெரும்பாலான கைகள் இரண்டாம்நிலைக்குத்தான் உயரும். சரியான விடை முதல்நிலை. முன்பு உயிர் இருந்ததா என்பது கேள்வியே இல்லை. பழைய மண்ணும் அதிலிருந்த விதையும் வேரும் புதிய தாவரங்களுக்குக் கிடைக்கின்றனவா என்பதுதான் கேள்வி. கிரகட்டோவாவில் கிடைக்கவில்லை. காற்றும் கடலும் பறவையும் கொண்டுவந்ததை வைத்துத்தான் அந்தத் தீவு மறுபடி தொடங்கியது.

ஆகவே என் மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம்: எந்த எடுத்துக்காட்டு வந்தாலும் “மண் மிச்சம் இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடு. விடையின் மற்ற எல்லா வேறுபாடுகளும் இதிலிருந்தே பிறக்கின்றன. முன்னோடித் தாவரம் ஏன் வேறு, காலம் ஏன் குறைவு என்பதையெல்லாம் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வெறும் பாறையில் பாஸ்பரஸ், கால்சியம், பொட்டாசியம் போன்றவை கனிமங்களாகப் பூட்டிக் கிடக்கும். நைட்ரஜனோ ஏறக்குறைய இல்லவே இல்லை. அது காற்றிலிருந்து வந்தாக வேண்டும். அதனால்தான் லைக்கன்களும் நீலப்பசும் பாசிகளும் முன்னோடிகளாகின்றன. வேர் இல்லாமல் ஒட்டிக்கொள்ளவும், காய்ந்தாலும் சாகாமல் கிடக்கவும் அவற்றால் முடியும். அவற்றில் சில நைட்ரஜனையும் நிலைநிறுத்தும். அவை மடிந்து மட்கி, பாறைத் தூளோடு கலந்து, ஒரு புல் வேரூன்றும் அளவுக்கு மண் சேர்வதற்கே நூற்றாண்டுகள் பிடிக்கலாம்.

கைவிட்ட வயலில் இந்த முழு வேலையும் ஏற்கெனவே முடிந்திருக்கிறது. வயலில் கோரையைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தண்டு கையோடு வரும், கிழங்கு அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். உழவன் போன மறு வாரமே அந்தக் கிழங்கு முளைவிடும். விதைகளின் பொறுமை இன்னும் அதிகம். அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879இல் களைவிதைகளை மணலோடு குப்பிகளில் அடைத்துப் புதைத்தார். 2021இல் தோண்டிய குப்பியிலிருந்தும் சில விதைகள் முளைத்தன. மண்ணுக்குள் இப்படிக் காத்துக் கிடப்பதைத்தான் விதை வங்கி என்கிறோம்.

அடுத்து, விடைத்தாளில் அதிகம் கோட்டைவிடும் இடம். “முதலில் புல், பிறகு புதர், பிறகு மரம்” என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஏன் இந்த வரிசை என்று ஒரு வரிகூட இருக்காது. இதற்கு நான் வகுப்பில் எடுத்துக்கொள்வது வட கரோலினாவின் பீட்மாண்ட் பகுதியில் கைவிடப்பட்ட வயல்களை. அங்கே கேத்தரின் கீவர் செய்த ஆய்வு 1950இல் வெளிவந்தது. அறுவடைக்குப்பின் விட்டுவிட்ட நிலத்தை முதலில் கிராப்கிராஸ் என்ற புல் பிடிக்கிறது. அடுத்த கோடையில் ஹார்ஸ்வீட் என்ற ஓராண்டுச் செடி ஆளுயரத்துக்கு நிற்கிறது. அதற்கடுத்த ஆண்டு ஆஸ்டர். பிறகு புரூம்செட்ஜ் என்ற பல்லாண்டுப் புல்.

ஒன்று மண்ணைத் திருத்திக் கொடுக்க, அடுத்தது வருகிறது என்றுதான் நாம் பாடத்தில் சொல்லி வந்திருக்கிறோம். கீவர் கண்டது பெரும்பாலும் வேறு. ஹார்ஸ்வீட் விதைகள் கோடைக் கடைசியிலேயே முற்றி உதிர்ந்து, இலையுதிர் காலத்திலேயே முளைத்துவிடும். குளிர்காலம் முழுவதும் தரையோடு படிந்த இலைவட்டமாக இருந்து, வசந்தம் வந்ததும் விறுவிறுவென்று எழும். ஆஸ்டரின் விதை முற்றுவதே தாமதம். அது வசந்தத்தில்தான் முளைக்கும், அதற்குள் ஹார்ஸ்வீட் நிழல் விழுந்துவிடும். ஆனால் ஹார்ஸ்வீட்டின் அழுகும் வேர்கள் அதன் சொந்தக் கன்றுகளையே குன்ற வைக்கின்றன. இரண்டாம் ஆண்டில் அது நோஞ்சானாக நிற்க, ஆஸ்டர் மேலே வருகிறது. புரூம்செட்ஜ் விதைக்குக் குளிர் பட்டால்தான் உறக்கம் கலையும். அது வந்து சேரத் தாமதமாகும், சேர்ந்தபின் மண்ணின் ஈரத்துக்கான போட்டியில் ஆஸ்டரை வென்றுவிடும். முதல் சில ஆண்டுகளின் வரிசையை முடிவு செய்வது மண் வளத்தைவிட யாருடைய விதை எப்போது முளைக்கிறது என்பதுதான். இதை ஒரு வரியில் எழுதும் மாணவனின் தாளை நான் நிதானமாக மறுபடி படிப்பேன்.

ஐந்து மதிப்பெண்ணுக்கு நான் எழுதிக் காட்டும் விடை இது.

வினா: முதல்நிலை, இரண்டாம்நிலை வழிமுறை வளர்ச்சிகளை வேறுபடுத்துக. கைவிடப்பட்ட விளைநிலம் ஒன்றைக் கொண்டு இரண்டாம்நிலை வளர்ச்சியை விளக்குக.

விடை: மண்ணே இல்லாத இடத்தில், அதாவது வெறும் பாறை, புதிய எரிமலைக் குழம்பு, பனியாறு பின்வாங்கிய தரை போன்றவற்றில் தொடங்குவது முதல்நிலை வழிமுறை வளர்ச்சி. இங்கு லைக்கன்கள், மாஸ்கள் போன்ற முன்னோடிகள் முதலில் மண்ணை உருவாக்க வேண்டியிருப்பதால் இது மிக மெதுவானது.

முன்பிருந்த தாவரக் கூட்டம் தீ, வெள்ளம், உழவு போன்றவற்றால் அழிந்தும் மண் எஞ்சியுள்ள இடத்தில் தொடங்குவது இரண்டாம்நிலை வழிமுறை வளர்ச்சி. மட்கு, நுண்ணுயிர்கள், விதைகள், வேர்கள், கிழங்குகள் மண்ணில் ஏற்கெனவே இருப்பதால் இது விரைவானது.

எடுத்துக்காட்டு: வட கரோலினாவில் கைவிடப்பட்ட வயல். உழவு நின்றதும் ஓராண்டுக் களைகளும் புற்களும் முன்னோடிகளாக வருகின்றன. இவை விரைவாக முளைத்து, ஏராளமான விதைகளைத் தருபவை. சுமார் மூன்றாம் ஆண்டிலிருந்து பல்லாண்டுப் புல் ஆதிக்கம் பெறுகிறது. காற்றில் பரவும் பைன் விதைகள் புல்லிடையே முளைத்து, 10 முதல் 15 ஆண்டுகளில் பைன் தோப்பாகின்றன. பைன் நாற்றுகளுக்கு நல்ல வெளிச்சம் தேவை; தாய்மரத்தின் நிழலிலும், வேர்ப் போட்டியால் ஈரம் குறைந்த மண்ணிலும் அவை பிழைப்பதில்லை. நிழலைத் தாங்கும் ஓக், ஹிக்கரி நாற்றுகள் அதே இடத்தில் வளர்கின்றன. முதிர்ந்த பைன்கள் சாயும்போது இவை இடம்பிடித்து, சுமார் 150 ஆண்டுகளில் ஓக்–ஹிக்கரிக் காடு உச்சநிலைச் சமுதாயமாக அமைகிறது. மண் ஏற்கெனவே இருந்ததால் இங்கு லைக்கன் நிலை தேவைப்படவில்லை.

இதில் கடைசி வாக்கியத்தைத் தெரிந்தே வைத்திருக்கிறேன். கைவிட்ட வயலில் லைக்கனை முன்னோடியாக எழுதுவது இந்தக் கேள்வியில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அதைத் தவிர்த்தது தற்செயல் அல்ல என்று திருத்துபவருக்கு இந்த வாக்கியம் சொல்லிவிடும். பைன் நாற்றைப் பற்றிய இரண்டு வாக்கியங்களையும் இடம் போதவில்லை என்று வெட்டாதீர்கள். வரிசையை எல்லோரும் எழுதுவார்கள், காரணம் அங்கேதான் இருக்கிறது. ஆண்டுக் கணக்கு மறந்துபோனால் எண்ணைக் குத்துமதிப்பாகப் போடாமல் “சில ஆண்டுகள்”, “ஒரு நூற்றாண்டுக்கு மேல்” என்று எழுதினாலே போதும்.

ஓக்கும் ஹிக்கரியும் நாம் கண்ணால் காணாத மரங்கள், நம் ஊர்த் தரிசை எழுதக்கூடாதா என்று கேட்பார்கள். எழுதலாம், தவறே இல்லை. கோரை, அறுகு, துத்தி, எருக்கு, ஆவாரை, பறவை எச்சத்தில் விழுந்து முளைக்கும் வேம்பு என்று போகலாம். ஆனால் அமெரிக்க வயலின் ஆண்டுகளை இந்தச் செடிகளின் மேல் ஒட்டிவிடாதீர்கள். நம் தரிசுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: சீமைக் கருவேலம். ஆடு மாடுகள் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்ப, சில ஆண்டுகளிலேயே நிலம் முழுக்க அதுவாகிவிடும். பக்கத்தில் வேறு மரங்களின் விதை மூலமும் இல்லையென்றால் வளர்ச்சி நெடுங்காலம் அங்கேயே தேங்கி நிற்கும். உச்சநிலைக்கு எல்லா நிலமும் போய்ச் சேரும் என்று உறுதியாக எழுதாமல் “இடையூறு இல்லாவிட்டால்” என்ற சொற்களைச் சேர்த்துக்கொள்வது பத்திரம்.

திருப்புதலின்போது நான் கேட்கும் ஒரு கேள்வி: ஒரு வயலின் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு வெட்டி எடுத்துவிட்டு நிலத்தை அப்படியே போட்டுவிட்டார்கள். முதல்நிலையா, இரண்டாம்நிலையா? வெட்டியது எவ்வளவு ஆழம் என்று திருப்பிக் கேட்பவருக்குப் பாடம் புரிந்திருக்கிறது. விதை வங்கியின் பெரும்பகுதி மேலே உள்ள சில அங்குலங்களில்தான் இருக்கும். அது போனாலும் கீழே களிமண்ணும் கொஞ்சம் வேர்த்துண்டுகளும் இருந்தால் இரண்டாம்நிலைதான், ஆனால் வேகம் குறைந்த இரண்டாம்நிலை. பாறை தெரியும்வரை வெட்டியிருந்தால், பக்கத்து வரப்பில் எத்தனை பச்சை இருந்தாலும், அந்தக் குழிக்கு அது முதல்நிலை.