வேலையில் சேரும் தேதி தள்ளிப்போனால்…

கேள்வி: சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் அன்னூர் பக்கம். பெங்களூரு நிறுவனம் ஒன்று எனக்கு ஆஃபர் லெட்டர் கொடுத்தது. ஆகஸ்ட் 3 திங்கட்கிழமை சேரச் சொன்னார்கள். எங்கள் கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்பதால் மே 4-ஆம் தேதியே ராஜினாமா கொடுத்துவிட்டேன். ஜூலை 31 கடைசி நாள். நேற்று, ஜூலை 16 அன்று, புதிய நிறுவனத்திலிருந்து இரண்டு வரி மெயில் வந்தது: “வணிகத் தேவையை முன்னிட்டு உங்கள் சேரும் தேதி உத்தேசமாக அக்டோபர் 5-க்கு மாற்றப்படுகிறது.” ஹெச்.ஆர். போனை எடுக்கவில்லை. கையில் வரும் சம்பளம் 62,000. வீட்டுக்கடன் தவணை 21,500. “இருக்கிற வேலையையும் விட்டுட்டியே கண்ணு” என்று அப்பா கலங்குகிறார். நான் யாரிடம், என்ன கேட்பது? வழக்குப் போடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: இந்த நிமிடத்தில் உங்கள் கவனம் முழுவதும் பெங்களூரு மேல் இருக்கிறது. ஆனால் நீங்கள் முதலில் போய்ப் பேச வேண்டிய இடம் சரவணம்பட்டி. புதிய கம்பெனியை அடுத்த வாரமும் துரத்தலாம், அடுத்த மாதமும் துரத்தலாம். ஜூலை 31 அப்படி இல்லை. அதற்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. ரிலீவிங் வேலைகள் நடந்து, கணக்கு முடிக்கும் கட்டத்துக்குப் போய்விட்டால், உங்கள் மேனேஜர் நினைத்தாலும் தேதியை மாற்றுவது கஷ்டம்.

எனவே இன்றே மேனேஜரைப் பாருங்கள். வந்த மெயிலையும் காட்டிவிடுங்கள். “குடும்பச் சூழ்நிலை” என்று காரணம் சொல்லத் தோன்றும், வேண்டாம். ஒரு மாதம் கழித்து நீங்கள் கிளம்பும்போது அது பொய் என்று தெரிந்துவிடும். நாளைக்கு உங்களைப் பற்றி யாராவது விசாரித்தால் பதில் சொல்லப்போவதும் இதே மேனேஜர்தான். ராஜினாமாவையே திரும்பப் பெறுகிறேன் என்றும் ஆரம்பிக்காதீர்கள். வருங்காலத் தேதியிட்ட ராஜினாமாவை அந்தத் தேதி வரும் முன் திரும்பப் பெறலாம் என்ற பொது விதியை உச்ச நீதிமன்றம் 1978-இல் கோபால் சந்திர மிஸ்ரா வழக்கில் விளக்கியிருக்கிறது. ஆனால் அது ஒரு நீதிபதியின் ராஜினாமா பற்றிய வழக்கு. தனியார் நிறுவனத்தில் உங்கள் நியமன ஒப்பந்தமும் கம்பெனி விதியும் குறுக்கே நிற்கும். அவர்களுக்கு விருப்பமில்லாமல் உங்களை வேலையில் வைத்துக்கொள்ளச் சொல்லி எந்த நீதிமன்றமும் எளிதில் உத்தரவிடாது.

நீங்கள் கேட்க வேண்டியது சின்ன விஷயம். கடைசி நாளை ஜூலை 31-லிருந்து ஆகஸ்ட் 28-க்குத் தள்ளிக் கொடுங்கள் என்று கேளுங்கள். உங்கள் இடத்துக்கு வருகிறவருக்கு வேலையைக் கற்றுக்கொடுத்து முடிக்கிறேன் என்று சொல்லுங்கள். அது அவர்களுக்கும் லாபம். கூடவே இன்னொன்றையும் எழுத்தில் வாங்குங்கள்: இந்த நீட்டித்த காலத்தில் ஏழு நாள் முன்கூட்டிச் சொன்னால் இரண்டு தரப்பும் முடித்துக்கொள்ளலாம். இது இல்லாமல் நீட்டித்தால், பெங்களூருக்காரர்கள் மனம் மாறி “ஆகஸ்ட் 12 வாங்க” என்றால் மறுபடியும் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். நீட்டிப்பு கிடைத்தால் ஒன்பது வாரச் சம்பள இடைவெளி ஐந்து வாரமாகக் குறைகிறது. உங்கள் தவணைக்கணக்கில் இது பெரிய வித்தியாசம்.

இதை முடித்தபின் புதிய கம்பெனிக்கு எழுதலாம். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அந்த மெயிலுக்கு “சரி, நன்றி” என்று பதில் போட்டுவிடாதீர்கள். சேரும் போர்ட்டலில் புதுத் தேதி வந்து, பக்கத்தில் ஒப்புதல் பொத்தான் இருந்தால், அழுத்தும் முன் நிறுத்துங்கள். ஆகஸ்ட் 3 என்று இருந்த பழைய பக்கம், ஆஃபர் லெட்டர், நீங்கள் ஒப்புக்கொண்டு அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் படம் எடுத்து, கம்பெனி லேப்டாப்பில் அல்லாமல் உங்கள் சொந்த மெயிலில் வையுங்கள். நம் ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 63-ஆம் பிரிவுப்படி, வாக்குறுதி பெற்றவர் அதை நிறைவேற்றும் காலத்தை நீட்டித்துக் கொடுக்கலாம். நீங்கள் “சரி” என்றால், தேதியை நீங்களே நீட்டித்ததாக அவர்கள் சொல்ல இடம் கிடைக்கும். பண்பாகப் பேச வேண்டும் என்ற பழக்கத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகள் முதல் மெயிலிலேயே இதில் வழுக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் பதில் இந்தச் சாரத்தில் இருக்கட்டும்: “உங்கள் ஆஃபரை நம்பி மே 4 அன்று ராஜினாமா செய்தேன். ஜூலை 31 என் கடைசி நாளாகப் பதிவாகியுள்ளது. ஆகஸ்ட் 3 அன்று சேர நான் தயாராக இருக்கிறேன். தேதி மாற்றத்துக்கு நான் இன்னும் ஒப்புதல் தரவில்லை. உத்தேசமாக இல்லாமல் உறுதியான தேதி, சம்பளமும் பதவியும் ஊரும் மாறவில்லை என்ற உறுதி, இடைவெளிக்கு நீங்கள் தரக்கூடிய ஏற்பாடு, இம்மூன்றையும் ஜூலை 22-க்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.” “சேரத் தயாராக இருக்கிறேன்” என்ற வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பின்னால் வக்கீலிடம் போனாலும், உங்கள் பக்கம் தவறவில்லை என்பதற்கு அவர் தேடும் வாக்கியம் அதுதான்.

ஏற்பாடு என்றால் என்ன கேட்பது? பயிற்சியை மட்டும் வீட்டிலிருந்து ஆகஸ்டில் தொடங்கலாமா, வேறு புராஜெக்டில் முன்பே சேர்க்க முடியுமா, சேரும்போது ஒரு தொகையாக ஈடுகட்டுவார்களா என்று கேட்கலாம். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்றில் ஒன்றைப் பற்றியாவது அவர்கள் பேச ஆரம்பித்தால், அந்த இடம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

உங்களிடம் பேசிய ரெக்ரூட்டருக்கு மட்டும் எழுதாதீர்கள். பெரும்பாலும் அவருக்கே காரணம் தெரியாது. நேர்காணல் எடுத்த மேலாளரையும் அதே மெயிலில் சேருங்கள். அவருக்கு ஆள் தேவையா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும். அதன்பின் வாரம் ஒருமுறை, அதே மெயில் தொடரில். போனில் ஏதாவது சொன்னால், “இன்று மாலை நீங்கள் சொன்னபடி…” என்று அன்றே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். தினம் பத்து முறை கூப்பிடுவதைவிட இந்த ஒரு வரிக்குக் கனம் அதிகம்.

அவர்கள் நிஜமாகவே தள்ளிவைக்கிறார்களா, மெல்லக் கைகழுவுகிறார்களா என்பதை வார்த்தைகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். வேலைகளைக் கவனியுங்கள். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் தொடர்ந்து நடக்கிறதா? லேப்டாப் அனுப்ப முகவரி கேட்டார்களா? பணியாளர் எண் உருவானதா? இவை நடந்தால் அக்டோபரை ஓரளவு நம்பலாம். சரிபார்ப்பு பாதியில் நின்று, ரெக்ரூட்டரும் மாறி, “உத்தேசம்” என்ற சொல் இரண்டாவது மெயிலிலும் வந்தால் நம்பாதீர்கள்.

இது உங்கள் ஒருவருக்கு நேர்ந்ததல்ல. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனத்தில் சேர ஆஃபர் பெற்ற அனுபவசாலிகள் சுமார் 600 பேரின் சேரும் தேதி தள்ளிப்போனதாக, புனேயைச் சேர்ந்த ‘நைட்ஸ்’ என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு ஒன்றிய தொழிலாளர் அமைச்சகத்துக்குப் புகார் எழுதியது. அவர்களில் பலர் உங்களைப் போலவே இருந்த வேலையை விட்டுவிட்டவர்கள். கொடுத்த எல்லா ஆஃபர்களையும் மதிப்போம், வணிகத் தேவையைப் பொறுத்துச் சில நேரம் தேதி மாறும் என்று அந்த நிறுவனம் பதில் சொன்னது. அந்தப் பதிலைக் கூர்ந்து பாருங்கள். ஆஃபர் உண்டு என்கிறது. எப்போது என்று சொல்லவில்லை. உங்களுக்கு வந்த மெயிலும் அதே அச்சில்தான் இருக்கிறது. அதனால்தான் “ஆஃபர் இருக்கிறதா?” என்று கேட்காமல் “எந்தத் தேதி?” என்று கேட்கச் சொல்கிறேன்.

வழக்கு பற்றிக் கேட்டீர்கள். முதலில் ஆஃபர் லெட்டரை எடுத்து, தேதியை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்ற வரி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான கடிதங்களில் இருக்கும். இருந்தால் உங்கள் பிடி தளரும். இல்லையென்றாலும், “என்னை வேலைக்குச் சேர்” என்று நீதிமன்றம் உத்தரவிடாது. ஆளை நம்பிச் செய்யும் பணி ஒப்பந்தங்களைக் கட்டாயப்படுத்தி நிறைவேற்றச் சட்டம் இடம் தருவதில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவில் நஷ்டஈடு மட்டும் கேட்கலாம். அதிலும் ஒரு நிபந்தனை: நஷ்டத்தைக் குறைக்க உங்களால் முடிந்ததை நீங்கள் செய்தீர்களா என்று பார்ப்பார்கள். நீங்கள் மேனேஜரிடம் நீட்டிப்புக் கேட்ட மெயிலும், வேறு வேலைக்கு விண்ணப்பித்ததற்கான பதிவுகளும் அப்போது உதவும். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால், நீங்கள் இன்னும் அந்த நிறுவனத்தின் ஊழியரே இல்லையே என்ற கேள்வியில் மனு நின்றுவிட வாய்ப்பு அதிகம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு கொடுக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு வந்து உட்கார்ந்தால்தான் அது நகரும். இரண்டு மாதச் சம்பளத்துக்காகப் பெங்களூருக்கும் கோவைக்கும் அலைய வேண்டியதை யோசித்தால், என் கணிப்பில் வழக்கு உங்களுக்கு லாபமில்லை. ஆஃபரையே ரத்து செய்தால் மட்டும் வக்கீல் நோட்டீஸ் பற்றி யோசியுங்கள்.

வீட்டுப் பக்கம் இரண்டு விஷயம். கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். அப்பா அம்மா அதில் இருந்தால், அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று வேலையில் இருக்கும்போதே விசாரியுங்கள். வருங்கால வைப்பு நிதியில் கைவைக்காதீர்கள். கணக்கு அப்படியே இருக்கட்டும், புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இடைவெளியில் பழகிய ஒருவர் கம்பெனியில் இரண்டு மாதம் வேலை பார்ப்பதாக இருந்தால், அதைப் பெங்களூருக்கு மறைக்காதீர்கள். அங்கே பி.எஃப். பிடித்தால் அது உங்கள் பணிப் பதிவில் ஏறும். சரிபார்ப்பில் அதைப் பார்த்துக் கேள்வி வரும்.

இதற்கிடையில் வேறு நேர்காணல்களுக்குப் போய்க்கொண்டிருங்கள். அதில் துரோகம் எதுவும் இல்லை. கொடுத்த தேதியை மாற்றியது அவர்கள். அவினாசி ரோட்டிலும் கீரணத்தம் பக்கமும், உடனே சேரக்கூடிய அனுபவசாலிக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. 90 நாள் காத்திருக்க வேண்டாம் என்பதே இப்போது உங்கள் பலம்.

ஆகஸ்ட் 3 காலையில், தேதி மாறாமல் இருந்தால் நீங்கள் அங்கே போயிருக்க வேண்டிய நேரத்தில், ஒரு மெயில் அனுப்புங்கள்: “ஒப்புக்கொண்டபடி இன்று சேரத் தயாராக இருக்கிறேன்.” பிறகு செப்டம்பர் 7 வரை பொறுங்கள். அன்றைக்குள் பணியாளர் எண்ணோ லேப்டாப்போ உறுதியான தேதியோ எதுவும் வரவில்லையென்றால், அக்டோபர் 5-ஐக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, கையில் இருக்கும் அடுத்த ஆஃபரை ஒப்புக்கொள்ளுங்கள். பெங்களூருக்கு அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.