தனியார் நிறுமப் பங்கு: ஒதுக்கீடா, மாற்றமா?

பங்கு ஒதுக்கீட்டில் நிறுமம் புதிய பங்குகளை வெளியிடுகிறது. பணம் நிறுமத்துக்குச் சேரும், மூலதனம் உயரும். பங்கு மாற்றத்தில் இருக்கும் பங்கு கைமாறுகிறது. பணம் விற்பவருக்கே போகும், மூலதனம் மாறாது.

மூன்று பேருக்கு 5,000, 3,000, 2,000 எனப் பங்குகள் உள்ள நிறுமத்தை எடுத்துக்கொள்வோம்.

• வெளியாளுக்குப் புதிதாக 2,500 பங்குகள் ஒதுக்கினால், முதலாமவரின் 50 விழுக்காடு 40 ஆகக் குறையும். எனவே இந்திய நிறுமங்கள் சட்டம், 2013-இன் 62-ஆம் பிரிவுப்படி, புதிய பங்குகளை முதலில் இருக்கும் பங்குதாரர்களுக்கே தர முன்வர வேண்டும். வெளியாளுக்கு ஒதுக்கச் சிறப்புத் தீர்மானம் தேவை.

• மூன்றாமவர் தம் 2,000 பங்குகளை வெளியாளுக்கு விற்க விரும்பினால், நிறுமத்தின் செயல்முறை விதிகள் குறுக்கே நிற்கும். தனியார் நிறுமத்தின் விதிகள் பங்கு மாற்றத்தைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். முன்னுரிமை விதி இருந்தால், அவர் முதலில் இயக்குநர் குழுவுக்கு அறிவிக்க வேண்டும். மற்ற இருவருக்கும் விகிதப்படி 1,250, 750 பங்குகள் கிடைக்கும். அவர்கள் வேண்டாமென்றால் மட்டுமே வெளியாளுக்கு வாய்ப்பு.

• குழு மாற்றத்தைப் பதிய மறுத்தால், 30 நாட்களுக்குள் காரணத்துடன் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் தேசிய நிறுமச் சட்டத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பங்கு வாங்குவோர் முன்பணம் தருமுன் செயல்முறை விதிகளைப் படித்துப் பார்ப்பது நல்லது.