ஒரு கடையை ஒரே சிலைட்டில் காட்டுதல்

வாழ்வாதார உதவி கேட்கும்போது உங்கள் கடை எப்படி நடக்கும் என்று கூட்டத்தில் சொல்லவேண்டி வரலாம். அதற்கு ஒரு சிலைட் போதும். சிலைட் இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத்தாளை நான்கு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வட்டக்கச்சியில் ஒரு சிறு பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையை நீங்கள் போடுங்கள்.

1. வாடிக்கையாளர்: "எல்லோரும்" என்று எழுதவேண்டாம். இரணைமடுக் குளத்து நீரில் நெல் செய்யும் குடும்பங்கள், நாட்கூலிக்குப் போவோர், பள்ளிப் பிள்ளைகள் என்று பிரித்து எழுதுங்கள். கமக்காரர் கையில் அறுவடைக்குப் பிறகுதான் காசு புழங்கும். கூலிக்காரர் கையில் மாலையில் காசு இருக்கும்.

2. பயன்: கிளிநொச்சிச் சந்தையில் விலை குறைவு. அப்படியிருந்தும் உங்களிடம் ஏன் வரவேண்டும்? பஸ் காசும் அரை நாளும் மிச்சம், 100 கிராம் சீனியும் வாங்கலாம், விடியவே கடை திறந்திருக்கும்.

3. வருமானம்: நாளுக்கு 4,000 ரூபா விற்றால் மாதம் 120,000 ரூபா.

4. செலவு: 88 ரூபாவுக்கு வாங்கி 100 ரூபாவுக்கு விற்றால் சரக்குக்கு 105,600 ரூபா. ஏற்றுகூலி 3,200, மின்சாரமும் தொலைபேசியும் 800, பழுதானதும் எலி தின்றதும் 1,000. ஆக 110,600 ரூபா.

மிச்சம் 9,400 ரூபா. 120,000 ரூபாவும் உங்கள் வருமானம் அல்ல. வீட்டுக்கு எடுக்கும் அரிசி, பருப்பையும் கொப்பியில் எழுதி இந்த மிச்சத்தில் கழிக்கவேண்டும்.

இனிக் கடனைப் பார்ப்போம். விற்பனையில் கால்வாசி, அதாவது 30,000 ரூபா, அறுவடை வரை கடனாகப் போனால் கைக்கு வருவது 90,000 ரூபாதான். செலவோ 110,600 ரூபா. 20,600 ரூபா குறைகிறது. கொப்பியில் இலாபம் தெரியும், அலுமாரியோ வெறுமையாகும். 40,000 ரூபா சரக்கோடு தொடங்கியவர், வீட்டுக்கு ஒரு சதம் எடுக்காவிட்டாலும் இரண்டாம் மாத முடிவில் சரக்குப் போடமுடியாமல் நிற்பார்.

ஆகவே மூன்றாம் கட்டத்தில் "கைக்காசு எவ்வளவு, கடன் எவ்வளவு" என்று பிரித்து எழுதுங்கள். கடனுக்கு ஓர் எல்லையும் வையுங்கள்: பத்துக் குடும்பங்கள், குடும்பத்துக்கு 1,000 ரூபா, மொத்தம் 10,000 ரூபா. பழையது தீர்ந்த பிறகே புதியது. இந்த எல்லையால் விற்பனை கொஞ்சம் குறையலாம். அப்படியானால் குறைந்த தொகையையே சிலைட்டில் போடுங்கள்.

ஞாயிறுதோறும் கையிலுள்ள காசையும், வாங்கிய விலைப்படி சரக்கையும், திரும்பி வரும் என்று நம்பக்கூடிய கடனையும் கூட்டிப் பாருங்கள். தொடங்கிய 40,000 ரூபாவுக்குக் கீழே போனால் முதல் தின்னப்படுகிறது. காசும் சரக்கும் மட்டும் குறைந்து கடன் ஏறினால், அடுத்த சுமை சரக்கு எடுக்கும் முன் கடன் கொடுப்பதை நிறுத்துங்கள்.