ஏற்கச் சொல்வதற்கு முன்

ஆடிக் கிருத்திகைக்குச் சில நாள்களே இருந்தன. பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா என்னைப் பார்க்க வந்தார். "டீச்சர், எனக்கு ஆம்பளைப் பசங்களைத்தான் பிடிக்குதுன்னு பையன் சொல்றான். மலைக்குக் கூட்டிட்டுப் போய் மொட்டை போடறேன்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். சரியாயிடுவான்ல?"

"என்கிட்ட சொல்லப்போறது அவனுக்குத் தெரியுமாம்மா?" என்றுதான் முதலில் கேட்டேன். தெரியும் என்றார். தெரியாமல் இருந்திருந்தால் அதற்குமேல் பேச்சை வளர்த்திருக்க மாட்டேன். யாரிடம், எப்போது சொல்வது என்பது அந்தப் பிள்ளையின் முடிவு. மாணவன் நம்மிடம் சொன்னதை அவன் சம்மதமின்றி வீட்டில் சொன்னால், அடி, படிப்பு நிறுத்தம், வீட்டை விட்டு ஓடுதல் என எதுவும் நடக்கலாம்.

பிறகு "இது நோய் இல்லைம்மா" என்றேன். தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990இல் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. வயது வந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. மாற்றிவிடுகிறேன் என்று சிகிச்சை தருவது தொழில் ஒழுங்கீனம் என 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. ஆகவே "சரிசெய்கிறேன்" என்று யாராவது சொன்னால், அவர் மருத்துவரானாலும் சாமியாரானாலும் அங்கே அழைத்துச் செல்ல வேண்டாம் என்றேன்.

அடுத்த வாரம் அப்பா வந்தார். விசைத்தறித் தொழிலாளி. செல்போன்தான் மகனைக் கெடுத்தது என்று அதைப் பிடுங்கி வைத்திருந்தார். "நீங்கள் அவனை ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்றேன். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அந்த வாரம் பையன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்த நாளிலும் மதிய உணவைத் தொடவில்லை.

எங்கே தவறினேன் என்பது, சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 ஜூன் 7 உத்தரவைப் படித்தபோதுதான் புரிந்தது. மதுரையைச் சேர்ந்த, வயது வந்த இரு பெண்கள் ஒன்றாக வாழ விரும்பிச் சென்னைக்கு வந்தனர். பெற்றோர் காவல்துறையில் புகார் செய்தனர். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றனர். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் பெண்களையும் பெற்றோரையும் உளவியலாளரிடம் ஆலோசனைக்கு அனுப்பினார். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமும் வம்சம் பற்றிய குழப்பமும் பெற்றோரிடம் இருந்தன. இப்படி ஒரு துணையோடு வாழ்வதைவிட மகள் தனியாகவே இருந்துவிடுவது கௌரவம் என்றும் நினைத்தனர். நீதிபதியோ, இதைத் தானும் முழுதாக அறியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் வித்யா தினகரனிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகே உத்தரவு எழுதினார்.

நீதிபதிக்கே தெரிந்துகொள்ள நேரம் வேண்டியிருந்தது. தறியிலிருந்து நேரே வந்த ஒருவரிடம் பத்து நிமிடத்தில் நான் மனமாற்றத்தை எதிர்பார்த்துவிட்டேன். அவருடைய அச்சம் என்ன என்றுகூட நான் கேட்கவில்லை.

மறுமுறை அதைத்தான் கேட்டேன். "நாளைக்கு இவனுக்குக் கல்யாணம்? சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிக்கறது?" என்றார். "அவனுக்கு வயசு பதினாறுங்க. கல்யாணத்தை இன்னிக்கு முடிவு பண்ண வேண்டாம். சொந்தக்காரங்ககிட்ட இப்ப யாரும் சொல்லவும் வேண்டாம்" என்றேன். ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. நான்கு காரியங்கள் மட்டும் கேட்டேன்: போனைத் திருப்பிக் கொடுங்கள், கல்யாணம் செய்துவைப்பேன் என்று மிரட்டாதீர்கள், கேலி செய்யும் உறவினரை அவன் எதிரில் தடுத்துப் பேசுங்கள், இரவுச் சாப்பாட்டை அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மனம் மாறாமலேயே ஒருவர் இவற்றைச் செய்ய முடியும். பிள்ளைக்கு அப்போது தேவைப்படுவதும் இவைதான்.

போன் இரண்டு நாளில் வந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மாதம் ஆனது. அப்பா இன்றும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் பையனின் வருகைப்பதிவு சீரானது. செய்முறைத் தேர்வு அன்று அவரே சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். அம்மா மலையேறி வேண்டுதலை முடித்துக்கொண்டார். மொட்டை போட்டுக்கொண்டது அவர்தான். "அவன் நல்லா இருக்கணும்னு மட்டும் வேண்டிக்கிட்டேன் டீச்சர்" என்றார்.

அதே உத்தரவு, பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கு இதைப் புரியவைக்க வேண்டும் என்று பள்ளிகளுக்கும் வழிகாட்டுகிறது. கூட்டத்தில் எந்த மாணவரையும் சுட்டாமல், பொதுவாகப் பேசினால் போதும். தனியே பேசும்போது மாணவரின் உணவு, தூக்கம், வருகை ஆகியவற்றைக் கேளுங்கள். உயிரை விடுவது பற்றி மாணவர் பேசினால் அன்றே, தனியே விடாமல், 14416 டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். வீட்டில் அடி விழுகிறது என்றால் 1098. ரகசியம் காப்பது அந்த இரண்டு நிலைகளில் பொருந்தாது. அப்போதும் யாரிடம் சொல்லப் போகிறோம் என்பதை மாணவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.